ஆள் இல்லை என்ற தட்டு

எழுதிப் பழகிய கையன்று இது. கற்றோர் நிறைந்த சபையில் கதையென்று ஒன்றை முன்வைக்கத் துணிந்தமைக்காக வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். எவருடைய மனத்தையும் புண்படுத்துவது நோக்கமன்று; புண்பட வேண்டியவர்கள் யாவரும் ஏற்கெனவே அக்கராயன் ஊரில் வைத்துப் புண்பட்டுவிட்டார்கள். உள்ளங்கையளவு தட்டு ஒன்று பெரிய மனிதர் ஒருவரை ஊர் முன்னிலையில் அவமதித்துவிட்டதாக அங்கே இன்றும் பேசிக்கொள்கிறார்கள். தட்டின் பக்கத்து நியாயத்தையும் எவராவது சொல்லத்தான் வேண்டும்.

தட்டைச் செய்தவள் பிரியந்தினி. ஸ்கந்தபுரத்துக்காரி, பொறியியற் பட்டதாரி, கிளிநொச்சியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் இலத்திரனியல் கற்பித்து வந்தாள். மரியாதை அவளிடம் ஒரு நோயைப் போல இருந்தது. 'குறை நினைக்கக் கூடாது' என்று தொடங்காமல் அவள் வாயிலிருந்து ஒரு வசனமும் புறப்படாது. பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடம் அவளே மன்னிப்புக் கேட்டதைக் கண்ணாற் கண்டவர்கள் உண்டு.

நிலையத்தின் பின்பக்கத்தில், உடைந்த கதிரைகளைப் போட்டு வைத்திருந்த அறையொன்றை அவள் கூட்டித் துடைத்து வேலையறையாக்கியிருந்தாள். மேசை, கம்பி ஒட்டும் பற்றாசுக் கோல், மின்னலைகளைப் பார்க்க எவரோ நன்கொடையாகத் தந்த அலைகாட்டி, ஒன்பது மாணவர்கள். அவளுடைய உலகம் அவ்வளவுதான். ஆனால் நிலையப் பொறுப்பாளர் வீரகத்தி அந்த அறைமீது கண் வைத்திருந்தார். கேக் அலங்கார வகுப்புக்கு விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. சுவர்களுக்கு இளஞ்சிவப்புப் பூசலாம் என்றுகூட அவர் முடிவு செய்திருந்தார்.

அந்த வேளையில்தான் சின்னராசா ஐயா கனடாவிலிருந்து வந்து சேர்ந்தார். வன்னியின் பன்னிரண்டு ஊர்களுக்குக் குடிநீர் வடிகட்டி நிலையங்கள் அமைத்துத் தருவதாக அவர் அறிவித்தார். இயந்திரங்கள் வெளியிலிருந்து வரும். ஆனால் சனங்கள் தொட்டுத் தண்ணீர் எடுக்கும் முகப்பை உள்ளூரிலேயே செய்யலாம் என்றார். முதல் நிலையம் அக்கராயனில். அங்கே பிரியந்தினியின் முகப்பு சரிவந்தால் மீதிப் பதினொன்றும் அவளுடைய அறையில், அவளுடைய மாணவர்களின் கையால் செய்யப்படும், அறையும் அவளுக்கே. சரிவராவிட்டால் கொழும்பிலிருந்து அழுத்துபொத்தான்கள் வரும். அறைக்குள் கேக் வரும்.

அழுத்துபொத்தானின் குணம் எல்லோருக்கும் தெரிந்ததே. முன்பு வேறு ஊர்களில் வைத்த நிலையங்களில் உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டுப் பொத்தானைச் சுற்றி வெள்ளைப் பூ பூத்தது, பிறகு இறுகியது, பிறகு சனங்கள் வீட்டுத் திறப்பாலும் அகப்பைக் காம்பாலும் குத்தத் தொடங்கினார்கள். ஒரு மாரிக்குள் பொத்தான் செத்துவிடும். அதனாற்றான் அசையும் உறுப்பே இல்லாத தட்டொன்றைப் பிரியந்தினி யோசித்தாள். மெல்லிய உலோகத் தகடு, அதன்மேல் ஒளி புகும் ஒட்டுத்தாள். உள்ளே போவது ஒற்றைக் கம்பி.

செய்து முடித்ததும் வீரகத்தி பார்க்க வந்தார். முகப்புப் பெட்டியைத் திறந்தார். முகம் சுருங்கியது.

"எங்கயப்பா டச்?"

"குறை நினைக்கக் கூடாது, சேர். டச் எண்டு தனியா ஒண்டும் இல்லை. இந்தச் சிப்பில இருக்கிற சாதாரணக் கால் ஒண்டுதான். பக்கத்தில ஒரு பெரிய மின்தடை."

"சாதாரணக் காலோ? நான் அழைப்பிதழில 'அதிநவீன தொடுகைத் தொழில்நுட்பம்' எண்டு அடிச்சுப்போட்டன், பிள்ளை."

வீரகத்திக்கு விளங்கப்படுத்துவது என்றால் அவளுக்கு ஒரு வகுப்பறை முழுவதற்கும் விளங்கப்படுத்துவதிலும் கூச்சம் அதிகம். ஆனாலும் சொன்னாள்.

"முதல்ல அந்தக் கால் தட்டில இருக்கிற மின்னேற்றம் எல்லாத்தையும் வெளியில ஊத்திவிடும், சேர். தட்டு வெறுமையாகும். பிறகு கால் கையைக் கட்டிக்கொண்டு பாத்துக்கொண்டு மட்டும் இருக்கும். தடைக்குள்ளால மின்னேற்றம் நூல் மாதிரி மெல்ல மெல்ல வந்து தட்டை நிரப்பும். நிரம்பி ஒரு மட்டத்துக்கு வரும்வரைக்கும் சிப் எண்ணிக்கொண்டிருக்கும். ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு."

"சரி, எண்ணட்டும்."

"வெறுந்தட்டு எண்டால் முப்பது எண்ணுறதுக்குள்ள நிரம்பியிடும். விரல் வைச்சால் எங்கட உடம்பும் தட்டோட சேர்ந்து மின்னேற்றத்தை வாங்கும். பாத்திரம் பெருத்தது மாதிரி. ஆனால் நூல் அதே நூல்தானே? நிரம்ப நேரம் எடுக்கும். அம்பதைத் தாண்டும். அப்ப ஆரோ தொட்டிட்டினம் எண்டு சிப்புக்குத் தெரியும்; தண்ணியைத் திறந்துவிடும். எல்லாம் கண் மூடித் திறக்கிறதுக்குள்ள நூறு தரம் நடந்திடும்."

"அந்த முப்பது எண்டதை ஆர் சொல்லிக் குடுக்கிறது?"

வீரகத்தி தம் வாழ்நாளில் கேட்ட நல்ல கேள்விகளுள் அதுவும் ஒன்று. கேட்டது அவருக்கே தெரியாது.

"அதுவாத்தான் படிக்கும், சேர். ஊருக்கு ஊர் கம்பியின்ர நீளம் வேற, காத்தின்ர ஈரம் வேற. முப்பது எண்டு எழுதி வைக்கேலாது. கரண்ட் வந்த உடனை முதல் ரெண்டு மூண்டு செக்கன் தட்டை அளந்து பாக்கும். அப்ப வாற எண்ணிக்கைதான் 'ஒருத்தரும் தொடேல்லை' எண்டதுக்கு அளவு. அதுக்கு மேல போனால்தான் ஆள்."

"நல்லது, நல்லது," என்ற வீரகத்தியின் கண் அதற்குள் வேறிடத்தில் நின்றது. "உந்தச் சின்னத் திரை என்ன?"

அது அவள் சோதனைக்காகப் பொருத்தியது. தட்டை யாரும் தொடாதபோது 'ஆள் இல்லை' என்றும், தொட்டால் 'ஆள் உண்டு' என்றும் காட்டும். திறப்பு விழாவுக்கு முன் கழற்றிவிட எண்ணியிருந்தாள்.

"கழட்டிறதோ? திரை இல்லாட்டி ஆர் உதை நவீனம் எண்டு நம்புவினம்? பெரிசா, ஆக்கள் வாசிக்கிற மாதிரி வையும், பிள்ளை."

பெரிதாகவே வைத்தாள்.

விழா ஒரு வெள்ளிக்கிழமை காலை. இராகுகாலம் பத்தரைக்குத் தொடங்குவதால் அதற்கு முன் முதல் தண்ணீர் விழுந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. வாழை கட்டி, தோரணம் கட்டி, நிறைகுடம் வைத்து, இயந்திரத்துக்கும் ஒரு மாலை போட்டிருந்தார்கள். முகப்பின் முன்னே நனைந்த சீமெந்துத் தரைமேல் சிவப்புக் கம்பளம் விரிந்திருந்தது. குடங்களோடும் கேன்களோடும் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களைக் கம்பளத்தில் ஏற வேண்டாமென்று ஒலிபெருக்கி இரண்டு முறை பணிவாகக் கேட்டுக்கொண்டது.

குழாய்களையும் மின்னிணைப்பையும் பொருத்தியவர் தண்ணீரூற்று ஊர்க்காரர் லாபிர். வாய் ஓயாத மனிதர். முதன்மை மின் ஆளியடியில் நின்றிருந்த அவரிடம் பிரியந்தினி ஓடி வந்தாள்.

"லாபிர் நானா, வீரகத்தி சேர் என்ன செய்யப்போறார் எண்டு தெரியுமே?"

"தெரியும். ஐயா தட்டில கையை வைப்பார். நாதஸ்வரம் தொடங்கும். சேர் மெயினைப் போடுவார். ஐயாவின்ர கை பட்ட அந்த நிமிசமே தண்ணி கொட்டும். படம் எடுப்பினம். அருமையான யோசனை."

"ஐயோ, கையை வைச்ச பிறகு மெயினைப் போட்டால் அந்தக் கையோடதானே தட்டு அளக்கும்! வெறுந்தட்டு எண்டு ஐயாவின்ர கையைப் படிச்சிடும்!"

லாபிருக்கு விளங்கியது. பிறகு அவருடைய தாடி மெல்லக் குலுங்கத் தொடங்கியது.

"அப்ப இனி ஐயா தொட்டாலும்?"

"தொட்டது எண்டே தெரியாது."

"டீச்சர், சிரிப்பு வருது, ஆனால் போய்ச் சொல்லுங்கோ. முதல்ல கரண்ட், பிறகு கை. நாலு சொல்லு. கெதியாப் போங்கோ."

நான்கு சொற்கள்தாம். அவள் போனாள். வீரகத்தி விருந்தினருக்குச் சந்தனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சேர், குறை நினைக்கக் கூடாது. இந்த நேரத்தில குறுக்க வாறதுக்கு மன்னிச்சுக்கொள்ளோணும். நான் சொல்லுறது சரியோ பிழையோ தெரியாது, உங்களுக்கு என்னைவிடக் கனக்கத் தெரியும், ஆனாலும் ஒரு சின்ன விசயம், ஐயாவுக்கு மரியாதைக் குறைவா எண்ணி நான் சொல்லேல்லை..."

"பிறகு, பிள்ளை, பிறகு," என்று வீரகத்தி அவளுடைய கையிலும் சந்தனத்தைத் திணித்துவிட்டு நகர்ந்தார்.

இன்னொரு வழியும் இருந்தது. சின்னராசா ஐயா இரண்டடி தள்ளித்தான் நின்றார். 'ஐயா, கரண்ட் வரும்வரைக்கும் கையை எடுத்து வையுங்கோ' என்று நேரே சொல்லியிருக்கலாம். அவ்வளவு பெரிய மனிதரின் கையை எடுக்கச் சொல்வதா? அந்தக் கை பன்னிரண்டு ஊருக்குத் தண்ணீர் தந்த கை. பிரியந்தினி சந்தனத்தை நெற்றியில் இட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள்.

சின்னராசா ஐயா விரலை நீட்டினார். படம் எடுப்பவருக்கு அது போதவில்லை.

"ஐயா, விரல் காணாது. கையை முழுக்க விரிச்சு வையுங்கோ. மோதிரமும் தெரியட்டும்."

ஐயா உள்ளங்கை முழுவதையும் தட்டில் பதித்தார். நாதஸ்வரம் எழுந்தது. வீரகத்தி லாபிரை விலக்கிவிட்டு ஆளியை மேலே தள்ளினார். இயந்திரம் உறுமியது. பூக்கள் தூவப்பட்டன. தட்டு தன் கடமையை வழுவாமற் செய்தது: தன்மேல் இருந்த கையோடு சேர்த்து நிரம்ப எவ்வளவு நேரமென்று பல முறை எண்ணிப் பார்த்து, நூறு என்று கண்டு, இதுவே வெறுமை என மனத்திற் பதித்துக்கொண்டது.

திரை ஒளிர்ந்தது. கடைசி வரிசைக்கும் தெரியும் எழுத்தில் எழுதியது: ஆள் இல்லை.

தண்ணீர் வரவில்லை.

ஐயா கையை எடுத்து மறுபடி வைத்தார். எடுத்தபோது எண்ணிக்கை முப்பதுக்கு விழுந்தது. வைத்தபோது நூறுக்கு ஏறியது. நூறு என்றால் வெறுமைதானே. ஆள் இல்லை.

"இன்னும் அமத்துங்கோ, ஐயா," என்றது ஒரு குரல்.

அமத்தினார். கழுத்து நரம்பு தெரிய அமத்தினார். ஆள் இல்லை.

வரிசையில் நின்ற பெண்ணொருத்தி திரையை எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தாள். பக்கத்தில் நின்றவள், "ஆரடி இல்லையாம்? அவர்தானே நிக்கிறார்!" என்றாள். குடங்களுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு கசிந்தது. வீரகத்தி தாமே வந்து விரலால் தொட்டார். விரலுக்கு ஐம்பதுதான், உள்ளங்கை படித்த தட்டுக்கு அது தூசு. பேச்சாளர் ஒருவர் தொட்டார். அவரும் இல்லை. மேடையில் இருந்த பெரியவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து தாங்கள் இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு திரும்பினார்கள்.

பிரியந்தினிக்கு அப்போதுதான் தன்னுடைய பிழையும் உறைத்தது. தொடாத வேளைகளில், காற்றின் ஈரத்துக்கேற்ப அளவு தானாக நகரத்தான் சிப்புக்கு எழுதியிருந்தாள். ஆனால் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே ஆமை வேகம். நிமிடத்துக்கு ஒன்று. எண்ணிக்கை கீழே விழுந்தால் உடனே அதையே புது அளவாக எடுத்துக்கொள் என்று ஒரேயொரு வரி போதும். அந்த வரி இல்லை. வெறுமைக்கும் கீழே ஒன்று வரக்கூடும் என்று அவள் எண்ணியிருக்கவில்லை. விழாக்களைப் பற்றி அவள் அறிந்திருந்தது குறைவு.

லாபிர் ஆளியடியிலிருந்து கண்ணைக் காட்டினார். "தட்டிவிடட்டே? நிப்பாட்டிப் போட்டால் சரிதானே?"

சரிதான். கையில்லாமல் ஒருமுறை நிறுத்திப் போட்டால் மூன்றே செக்கனில் எல்லாம் சரி. தலையசைத்தால் போதும். ஆனால் பொறுப்பாளர் பக்கத்தில் நிற்கும்போது அவரைக் கேளாமல் தலையசைப்பதா? அவள் கேட்டாள்.

"குறை நினைக்கக் கூடாது, சேர். ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் போட்டால்..."

வீரகத்தி மணிக்கூட்டைப் பார்த்தார். முகம் வெளிறியது. "பத்தரை தாண்டிட்டுது! நல்ல நேரத்தில போட்டதை நிப்பாட்டி, ராகுகாலத்தில திருப்பிப் போடச் சொல்லுறீரோ? படிச்ச பிள்ளைதானே நீர்? லாபிர், ஆளியில ஆரும் கை வைக்கக் கூடாது!"

"நான் கையைச் சட்டைப் பைக்குள்ள வைச்சிட்டன், சேர்," என்றார் லாபிர். "உங்கட ஊரில கை வைக்கிறதே ஆபத்தாக் கிடக்கு."

இந்த நெருக்கடியில் யாருடைய காலோ தட்டி நிறைகுடம் சரிந்தது. தண்ணீர் தரையில் ஓடியது. குடிநீர் நிலையத்தின் பொறுப்பை ஏற்கவிருந்த மாதர் சங்கத்து இலட்சுமி அக்கா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு துணி எடுத்து வந்து துடைத்தா. துடைத்து முடிந்து எழும்பும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது. ஊன்றிக்கொள்ள அவா பற்றியது முகப்பை. ஈரக் கை முழுவதுமாகப் படிந்தது தட்டில்.

ஐயா தடித்த சப்பாத்தோடு, நிலம் படாமல் கம்பளத்தின்மேல் நின்றவர். இலட்சுமி அக்கா ஈரச் சீமெந்தில் வெறுங்காலோடு நின்றா. பெட்டியும் அதே நிலத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. அவாவின் உடம்பு வாங்கிய மின்னேற்றத்துக்கு முன்னால் ஐயாவினது எம்மாத்திரம்? எண்ணிக்கை இருநூறையும் தாண்டியது.

ஆள் உண்டு, என்றது திரை.

தண்ணீர் முழு வேகத்தில் பாய்ந்தது. கீழே குடம் இல்லாததால் சின்னராசா ஐயாவின் சப்பாத்துகளுக்குள் பாய்ந்தது.

இம்முறை சிரிப்பு கசியவில்லை, உடைந்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். இலட்சுமி அக்கா பதறிப்போய், "ஐயோ ஐயா, நான் ஒண்டும் செய்யேல்லை, பிடிச்சு எழும்பினனான், அவ்வளவுதான்!" என்றா.

ஐயா நனைந்த காலுறையோடு பிரியந்தினியின் முன் வந்து நின்றார். கோபமாக இல்லை. சிறுவர்களிடம் பேசுவதுபோல மென்மையாகக் கேட்டார்.

"பிள்ளை, நீர்தானே செய்தனீர்? உது ஏன் என்னை மட்டும் இல்லை எண்டுது?"

வாழ்நாள் முழுவதும் சுற்றிவளைத்தே பேசிய பிரியந்தினிக்கு அந்தக் கணத்தில் மட்டும் முன்னுரை ஒன்றும் வரவில்லை. கேள்வி தொழில்நுட்பக் கேள்வி. வகுப்பில் ஒரு மாணவன் கேட்டிருந்தால் சொல்லும் பதிலையே சொன்னாள். ஒலிவாங்கி பக்கத்தில் திறந்திருந்தது.

"கரண்ட் வந்த நேரம் உங்கட கை தட்டில இருந்தது, ஐயா. அதால ஒருத்தரும் இல்லை எண்டதுக்கு அளவா அது உங்களைத்தான் எடுத்துக்கொண்டது. இனி உங்களைவிடக் கூட இருக்கிறவைதான் அதுக்கு ஆள்."

ஒவ்வொரு சொல்லும் சரி. ஒலிபெருக்கி அதை வயல்வெளி வரை கொண்டுபோனது.

ஐயா தலையை அசைத்தார். நன்றாக விளங்கியவர்கள் அசைப்பதுபோல அசைத்தார். பிறகு வாகனத்தில் ஏறினார். வீரகத்தி மாலையோடு பின்னால் ஓடினார். இயந்திரத்துக்குப் போட்ட மாலை அது, அவசரத்தில் கழற்றிக்கொண்டு ஓடினார்.

கதிரைகளை அடுக்கி, பந்தலைப் பிரித்து, கம்பளத்தைச் சுருட்டும்போது தட்டு யாரும் தொடாமல் கிடந்தது. நிமிடத்துக்கு ஒன்றாக அதன் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. பந்தல்காரருக்குத் தாகம். சிரிப்புக்காக விரலை வைத்துப் பார்த்தார். ஆள் உண்டு. தண்ணீர் வந்தது. காத்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து விரலால் தொட்டுத் தங்கள் குடங்களை நிரப்பினார்கள். ஒருமுறையும் பிழைக்கவில்லை. படம் எடுப்பவர் அப்போது சாப்பிடப் போயிருந்தார்.

"இப்ப எல்லாம் சரியாப் போச்சு, டீச்சர்," என்றார் லாபிர், கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு. "கொஞ்ச நேரம் பெரியாக்கள் இல்லாமல் இருந்தால் சரிவந்திருக்கும்."

"குறை நினைக்கக் கூடாது, நானா," என்றாள் பிரியந்தினி. சொல்லிவிட்டு அடுத்த குடத்தைக் குழாயின் கீழ் நகர்த்தி வைத்தாள்.

இழந்தவற்றைச் சொல்லி முடிப்பது முறை. பதினொரு ஊர்களுக்கான தட்டுகள் செய்யப்படவில்லை. அங்கே அழுத்துபொத்தான்கள் வந்தன, இப்போது இரண்டைச் சுற்றி வெள்ளைப் பூ பூத்திருக்கிறது. அக்கராயன் தட்டும் கழற்றப்பட்டது, அது வேலை செய்துகொண்டிருந்தபோதே. பின்பக்கத்து அறை போனது, சுவர் இளஞ்சிவப்பு. அலைகாட்டி அலுமாரிக்கு மேல் ஏற்றப்பட்டு, கீழே விழுந்து உடைந்தது. ஒன்பது மாணவர்களில் நால்வர் வவுனியாவுக்குப் போனார்கள். மூவர் படிப்பை விட்டார்கள். இருவர் கேக் வகுப்பில் இருக்கிறார்கள். கடைசியாக, சின்னராசா ஐயாவின் ஒரு சோடிச் சப்பாத்து.